பத்து கிலோ பையில் எதை ஏற்றுவது?

எல்லாரும் உட்காருங்கள். புத்தகம் வேண்டாம், நோட்டில் கடைசிப் பக்கம் போதும்.

காட்பாடியில் ரயில் ஏறி சென்னையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறீர்கள். கையில் ஒரே பை. 10 கிலோவுக்கு மேல் ஏற்றினால் அதன் காது அறுந்துவிடும். வீட்டில் நாலு சாமான் எடுத்து வைத்திருக்கிறார்கள். எதைக் கொண்டுபோனால் அக்காவுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நானே மார்க் போட்டுவிட்டேன்.

ஏலகிரிப் பலாப்பழம்: 6 கிலோ, 33 மார்க்
கடலை எண்ணெய் டின்: 5 கிலோ, 25 மார்க்
புது அரிசி, வாய் தைத்த பை: 5 கிலோ, 24 மார்க்
முள்ளுக்கத்திரிக்காய், கட்டிய பை: 3 கிலோ, 12 மார்க்

கத்திரிக்காய்க்கு வெறும் பன்னிரண்டா என்று அங்கே முணுமுணுப்பது கேட்கிறது. நம்ம வேலூர் முள்ளுக்கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்தது, நியாயமான கோபம்தான். ஆனால் எதற்கு எத்தனை மார்க் என்பதைக் கணக்கு சொல்லாது, மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எடை எல்லைக்குள் மொத்த மார்க்கை எப்படி உச்சத்துக்குக் கொண்டுபோவது என்பது மட்டும்தான் கணக்கின் வேலை. இந்த மாதிரி வேலைக்குத்தான் ஆப்டிமைசேஷன் என்று பெயர். இன்னொரு விதி: எதையும் பிரிக்கக் கூடாது. எடுத்தால் முழுசாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

சரி, முதலில் எதை வைப்பீர்கள்? பலாப்பழமா? பெரும்பாலும் அப்படித்தான் தோன்றும், அதற்குத்தானே அதிக மார்க். கிலோவுக்கு எத்தனை மார்க் என்று வகுத்துப் பார்த்தாலும் பலாதான் முதல்: 5.5. எண்ணெய்க்கு 5, அரிசிக்கு 4.8, கத்திரிக்காய்க்கு 4. பலாவை வைத்தாயிற்று, மிச்சம் 4 கிலோ. எண்ணெய் நுழையாது, அரிசி நுழையாது. கத்திரிக்காய் நுழையும். மொத்தம் 45. பையில் ஒரு கிலோ இடம் சும்மா கிடக்கிறது.

இப்போது பலாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எண்ணெயும் அரிசியும் சரியாக 10 கிலோ. மொத்தம் 49!

பார்க்கும்போதெல்லாம் நல்லதாகத் தெரிவதையே எடுத்துக்கொண்டு போனால் மொத்தத்தில் நல்லது வந்துவிடும் என்று நம்பினோம், வரவில்லை. பிரிக்கலாம் என்று விதியை மாற்றினால் அந்த வழி தப்பாது: பலா 6 கிலோ, எண்ணெய் 4 கிலோ, மொத்தம் 53. இந்த 53-ஐத் தூக்கிப் போடாதீர்கள். பிரிக்காமல் என்ன செய்தாலும் 53-ஐத் தாண்ட முடியாது என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

49-தான் உச்சம் என்பதற்கு என்ன உறுதி? ஒவ்வொரு சாமானுக்கும் எடு, விடு என்று இரண்டு வழி. நாலு சாமானுக்கு 2×2×2×2, அதாவது 16 வழி. உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துவிடலாம். 20 சாமான் என்றால் 10 லட்சத்துக்கு மேல். 60 சாமான் என்றால், நொடிக்கு ஒரு கோடி வழியைச் சரிபார்க்கும் கம்ப்யூட்டருக்கும் 3,600 வருஷத்துக்கு மேல் ஆகும். ரயில் போய்விடும்.

1950-களில் ரிச்சர்ட் பெல்மன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் இந்த மாதிரிக் கணக்குகளுக்கு ஒரு முறை வகுத்தார். கேள்வியைச் சின்னதாக்கு, சின்னக் கேள்வியின் விடையை எழுதி வை, திரும்பக் கணக்குப் போடாதே. கத்திரிக்காயை மட்டும் பாருங்கள். அதை விட்டால், மற்ற மூன்றைக் கொண்டு 10 கிலோ பையை நிரப்ப வேண்டும்: 49. அதை எடுத்தால் 12 மார்க் கையில், ஆனால் மிச்சம் 7 கிலோதான். மற்ற மூன்றில் 7 கிலோவுக்குள் சிறந்தது பலா மட்டும், 33. ஆக 45. இரண்டில் பெரியது 49, கத்திரிக்காயை விட்டுவிடலாம். அந்த 7 கிலோ பைக்கு விடை எங்கிருந்து வந்தது? அதையும் இதே மாதிரி முன்பே கண்டுபிடித்து, கட்டம் போட்டு எழுதி வைத்திருப்போம். எடைகள் முழுக் கிலோவாக இருந்தால் 60 சாமானுக்கு, 10 கிலோ வரைக்கும், 600 கட்டம் போதும். 3,600 வருஷம் எங்கே, 600 கட்டம் எங்கே! எடையை கிராம் கணக்கில் எடுத்தால் கட்டங்கள் ஆயிரம் மடங்காகப் பெருகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

லாரியில் சரக்கு ஏற்றுகிறவர்கள் முன்னாலும் இதே கேள்விதான், சாமான்தான் வேறு.

இன்றைக்கு வீட்டுக்கணக்கு. கிளம்பும் நேரத்தில் ஆற்காட்டிலிருந்து மாமா ஒரு டப்பா மக்கன் பேடா கொண்டுவந்து வைக்கிறார்: 1 கிலோ, 6 மார்க். இப்போது பையில் எவை இருக்க வேண்டும்? கிலோவுக்கு மார்க் பார்த்து நிரப்புகிறவருக்கு இந்த முறை எத்தனை கிடைக்கும்? இரண்டையும் எழுதிக்கொண்டு நாளைக்கு வாருங்கள். டப்பாவைப் பிரித்துத் தின்றுவிட்டேன் என்று சொன்னால் மார்க் கிடையாது.