பாப்பாவின் அரையாண்டு ரேங்க் கார்டு: பாடவாரியாக

அண்ணனுக்கும் அண்ணமிண்டிக்கும்,

ஆத்தா அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் படித்து எழுதியிருக்கிறேன். வளவில் வெயில் நேராக விழும் இடத்தில் வைத்து எடுத்திருக்கிறார்கள். கார்டின் நடுவில் ஒரே பளபளப்பு, ஓரத்தில் ஆத்தாவின் கட்டைவிரல். கணக்கு மார்க் 47 ஆ 41 ஆ என்று புரியவில்லை. கீழே மொத்தம் 323 என்று தெளிவாக இருக்கிறது. மற்ற நான்கும் சேர்ந்து 282. ஆகவே கணக்கு 41 தான். ரேங்க் கட்டம் விரலுக்கு அடியில் போய்விட்டது. அதை நான் கேட்கவும் இல்லை.

காலாண்டு, அரையாண்டு மார்க் வரிசையாக:

தமிழ் 84, 81
ஆங்கிலம் 62, 58
கணக்கு 55, 41
அறிவியல் 61, 64
சமூக அறிவியல் 72, 79
மொத்தம் 334, 323

மொத்தம் 11 குறைந்ததைப் பார்த்துப் பொதுவாகவே சறுக்கிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். கணக்கில் மட்டும் 14 போயிருக்கிறது. மற்ற நான்கையும் கூட்டினால் 3 ஏறித்தான் இருக்கிறது.

கணக்கு: சார் எழுதியதை அப்படியே தருகிறேன். "வரைபடம், செய்முறை வடிவியல் இரண்டும் எழுதவில்லை. நேரம் போதவில்லை என்கிறாள். சந்தேகம் இருந்தாலும் கேட்பதில்லை." பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் இந்த இரண்டும் கடைசி 8 மார்க் கேள்விகள், மொத்தம் 16. இரண்டையும் சரியாகப் போட்டிருந்தால் 57, காலாண்டைவிட 2 கூட. ஆக, மூளைக்கு ஏறவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை, கை போய்ச் சேரவில்லை. இனி தாளை வாங்கியதும் ஒரு மார்க் கேள்விகளை முடித்துவிட்டு நேராக 43, 44 க்குப் போகச் சொல்லியிருக்கிறேன். தினமும் சாயங்காலம் ஒரு வடிவியல், ஒரு கிராஃப், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு அதைவிட உறுத்துவது சாரின் கடைசி வாக்கியம். வீட்டில் அப்பத்தாவிடம் அவ்வளவு வாயாடுகிறவள் வகுப்பில் வாயே திறப்பதில்லையாம். வருகைப் பதிவையும் பாருங்கள்: 56 நாளில் 47 தான் வந்திருக்கிறாள். காய்ச்சலில் ஆறு நாள், நம் வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று நாள். அப்போது நடந்த பாடத்தை யாரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

அறிவியல்: 64 ஐப் பார்த்து நானும் முதலில் ஏமாந்தேன். அதில் 22 செய்முறை மார்க். எழுத்துத் தேர்வில் 75 க்கு 42 தான், அதாவது 56 சதவீதம். டீச்சர் குறிப்பு: "படங்கள் நன்று. ஒளியியல், மின்னோட்டவியல் கணக்குகளில் அலகு விடுபடுகிறது." ஆம்பியர், ஓம் என்று எழுதாமல் வெறும் எண்ணோடு விட்டுவிடுகிறாள். கணக்குக்கு அடுத்து கவனிக்க வேண்டியது இதுதான்.

ஆங்கிலம்: ஆங்கிலத்தில் இருந்த குறிப்பின் சாரம், இலக்கணம் பரவாயில்லை, எழுத்துப் பிழை அதிகம், கேள்விக்குப் பத்தியாக எழுதச் சொன்னால் நான்கு வரியில் முடித்துவிடுகிறாள் என்பது. கடைசியில் ஒரு சொல் அழிந்திருக்கிறது, படிக்க முடியவில்லை.

தமிழ்: "கையெழுத்து அழகு. அலகிடுதலில் கவனம் தேவை." தேமா புளிமா குழம்புகிறது, அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

சமூக அறிவியல்: "நல்ல முன்னேற்றம்." 7 மார்க் கூடியிருக்கிறது. போனில் பேசும்போது இதை முதலில் சொல்லுங்கள், அப்புறம் கணக்குக்கு வாருங்கள். வரிசை மாறினால் அழுதுவிடுவாள். அண்ணன், உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

வகுப்பாசிரியர் பொதுக் குறிப்பு: "ஒழுக்கம் நன்று. திருப்புதல் தேர்வுகளுக்கு முன் பெற்றோர் ஒருமுறை வந்து பார்க்கவும்." நீங்கள் சிங்கப்பூரில் இருப்பது அவருக்குத் தெரியும். நான் வியாழக்கிழமை போகிறேன். கணக்குத் தாளையும் காட்டச் சொல்லிக் கேட்கப் போகிறேன், மற்றப் பகுதிகளில் எங்கே போயிற்று என்பது கார்டில் தெரியாது.

கார்டைத் திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டும். கையெழுத்தை ஆத்தா போட்டுவிடுவார்கள். "பெற்றோர் கருத்து" என்ற கட்டம் காலியாக இருக்கிறது. என்ன எழுத வேண்டும் என்று அண்ணமிண்டி இரண்டு வரி ஞாயிறு ராத்திரிக்குள் அனுப்பட்டும், அதையே எழுதிவிடுகிறேன்.