செல்லத் திங்கட் குஞ்சோ – ஓராட்டு

என் மருமகள் பாலக்காட்டுப் பெண். பேத்தி பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த அன்று, கோண்டாவிலில் எங்கள் விறாந்தையில் ஏணை கட்டினோம். அன்றிரவு அவள் பிள்ளையைக் கிடத்தி, தன் ஊரின் தாராட்டைப் பாடினாள். 1813 இல் திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் பிறந்தபோது இரையிம்மன் தம்பி எழுதிய ‘ஓமனத்திங்கள் கிடாவோ’ அது. அன்று தொடங்கி அந்த மெட்டு இல்லாமல் பிள்ளை கண்ணை மூடுவதில்லை. பகலில் ஏணை என் கையில். மலையாளச் சொற்கள் என் நாவுக்கு வரவில்லை. அதனால் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு தமிழில் கட்டத் தொடங்கினேன்.

சொல்லுக்குச் சொல் மாற்றிப் பார்த்தேன், முதல் வரியிலேயே நின்றுவிட்டது. அவர்களுக்குக் ‘கிடாவு’ என்றால் குழந்தை. நமக்குக் கிடா என்றால் ஆட்டுக்கிடாதான் நினைவில் வரும். அப்போதுதான் குஞ்சு என்ற சொல் வாயில் வந்தது. எங்கள் வீடுகளில் பிள்ளையை வேறெப்படிக் கூப்பிடுகிறோம்?

பாட்டு முழுவதும் கேள்விதான். பூவோ, தேனோ, நிலவோ என்று கேட்டுக்கொண்டே போகிறது, பதில் இல்லை. அந்த ‘ஓ’ தமிழிலும் அதே ‘ஓ’ என்பது எனக்குப் பெரிய பேறாகப் பட்டது. இன்னொன்றையும் மருமகள் சொல்லித்தான் கவனித்தேன்: அந்தத் தாராட்டில் உறக்கம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. நானும் நித்திரையைப் பற்றி ஒரு சொல்லும் வைக்கவில்லை. நம்முடைய ஆராரோவை மட்டும் சேர்த்தேன். யாழ்ப்பாணத்தில் யார் என்பதை ஆர் என்றுதானே கேட்கிறோம். என் காதுக்கு ஆராரோவும் ஒரு கேள்விதான்.

ஆராரோ ஆரிரரோ – கண்ணே
ஆரிரரோ ஆராரோ

செல்லத் திங்கட் குஞ்சோ – இது
செம்மைத் தாமரை மொட்டோ
மெல்லப் பிலிற்றும் தேனோ – எங்கள்
முற்றம் நிறைந்த நிலவோ

வடலியில் வந்த கிளியோ – மாவிட்ட
புரத்து வேலன் மயிலோ
விடியலில் கூவும் குயிலோ – அது
விட்டுப் போன குரலோ

துள்ளித் திரியும் மானோ – மாட்டுக்
கொட்டிலில் பிறந்த கன்றோ
வெள்ளைச் சிறகு விரித்துத் – தொண்டை
மானாற்றில் இறங்கிய நாரையோ

செவ்வரத்தம் பூவோ – வேலிச்
சிறுமுல்லைக் கொடியோ
எவ்விடத்துப் பூவோ – இதை
எவர்பறித்துத் தந்தாரோ

ஆராரோ ஆரிரரோ – கண்ணே
ஆரிரரோ ஆராரோ

பனையின் இளைய குருத்தோ – ஓலைப்
பாயில் ஓடும் நிறமோ
நுங்கின் கண்ணில் நீரோ – ஆச்சி
நுள்ளிய பனங்கட்டித் துண்டோ

கறுத்தக் கொழும்பான் கனியோ – அதைக்
கடித்த அணிலின் மகிழ்வோ
பொறுத்துப் பொறுத்துப் பழுத்த – எங்கள்
பொன்னின் கதலிக் குலையோ

துலாவில் ஏறும் வாளியோ – அதில்
துளும்பித் தெறிக்கும் துளியோ
நிலாவைக் கிணற்றில் கண்டு – நாங்கள்
நெஞ்சில் அள்ளிய நீரோ

செம்மண் தோட்டத்து மழையோ – மழை
சேர்ந்து கிளப்பும் மணமோ
வெம்மைக் கோடைக் காற்றில் – வேப்ப
மரத்தின் கீழே நிழலோ

பூவரசிலைக் குழலோ – அதைப்
பொடியன் ஊதும் ஒலியோ
பூவின் காலை மஞ்சளோ – அது
பொழுது பட்ட சிவப்போ

இந்த இடத்துக்கு வரும்போது பிள்ளையின் கை தளர்ந்துவிடும். ஏணையை இன்னும் மெதுவாக ஆட்டுங்கள், பாட்டையும் இழுத்துப் பாடுங்கள். அடுத்த அடியில் வரும் விண், பட்டத்தின் தலையில் கட்டும் நார். தை மாதத்தில் பட்டத்தை இரவெல்லாம் வானில் விட்டுக் கட்டிவைப்பார்கள். அது ஊர் முழுவதும் கேட்கும்படி ஒரே சுருதியில் முனகும். நான் சின்னப் பிள்ளையாக அந்த ஒலியில்தான் கிடந்தேன். என் பேத்திக்கு அதைப் பாட்டில் வைக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை.

விண்கட்டிய பட்டமோ – அது
வானில் இழைக்கும் ராகமோ
நூலைப் பிடித்த கையோ – அந்த
நூலின் நுனியில் மீனோ

மார்கழிப் பனியின் துளியோ – வைகறை
வீதியில் ஊதும் சங்கோ
சேமக் கலத்தின் சிணுக்கோ – அது
தேய்ந்து தேய்ந்த தூரமோ

பொங்கற் பானை நுரையோ – கோலப்
பொடியில் எழுந்த கோடோ
செங்கரும்பின் கணுவோ – எங்கள்
சின்ன வாசல் வெயிலோ

வலைக்குள் வந்த முத்தோ – சின்ன
வள்ளம் ஏறிய காற்றோ
அலைக்குள் அலைந்த சங்கோ – நயினா
தீவு மணலில் சிப்பியோ

நல்லூர்த் தேரின் மணியோ – வள்ளி
நாயகன் தந்த வரமோ
வெல்லும் வேலின் ஒளியோ – அவன்
வீதிச் சந்தனக் குளிரோ

நாயனம் விட்ட மூச்சோ – தவில்
நடுவே தந்த அமைதியோ
நெய்யில் நனைந்த திரியோ – இருள்
நீக்கிட வந்த சுடரோ

ஆராரோ ஆரிரரோ – கண்ணே
ஆரிரரோ ஆராரோ

மூலத்தில் அரச குலத்துக்கு வந்த பிள்ளையைப் பாடுகிறார்கள். எங்கள் பிள்ளைக்கு இரண்டு ஊர்கள்தான் குலம். கீழே வரும் முதல் அடியை மருமகளுக்காகவே கட்டினேன். முதன்முறை கேட்டபோது அவள் அடுப்படியிலிருந்து வந்து ஏணையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பாரதப் புழையின் துளியோ – கடல்
பாதை கடந்த முகிலோ
ஊர்கள் இரண்டைச் சேர்த்து – ஒரு
ஊஞ்சல் கட்டிய கயிறோ

அப்பாவின் சின்ன மூக்கோ – உன்
அம்மாவின் நீளக் கண்ணோ
இன்னும் முளைக்காப் பல்லோ – அதற்கு
இன்றே அவித்த கொழுக்கட்டையோ

அம்மம்மா தந்த வசம்போ – கையில்
அப்பம்மா இட்ட காப்போ
கன்னத்துக் கறுத்தப் பொட்டோ – அதைக்
கண்டு சிரிக்கும் விளக்கோ

ஆரோ ஆரோ ஆரோ – நீ
ஆர்வீட்டுச் செல்வ மகளோ
ஆரோ ஆரோ ஆரோ – எம்மை
ஆள வந்த அரசோ

இனிச் சொற்கள் குறையும். ஏணையை நீங்கள் ஆட்ட வேண்டாம், அது தானாக ஆடி நிற்கட்டும். குரல் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதும்.

செல்லத் திங்கட் குஞ்சோ
சின்னத் தாமரை மொட்டோ
மொட்டோ… தேனோ… நிலவோ…
முற்றத்து நிலவோ… நிலவோ…

கிளியோ… குயிலோ… குரலோ…
துளியோ… முகிலோ… கயிறோ…

ஆராரோ… ஆரிரரோ…
ஆரோ… ஆரோ…
ஓ… ஓ…