நிறுத்தம் 7: ஒரே யானை, இரண்டு முறை

வணக்கம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் அமராவதிச் சிற்பங்களுக்கு முன்னால் நிற்கிறீர்கள். வெளிறிய கல்லில், வட்டத்துக்குள் ஒரு கூட்டமே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் சிற்பத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்களா? அதற்கு நேர் எதிரே வாருங்கள். அப்புறம் இரண்டு எட்டு பின்னால் போங்கள். வட்டம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியவேண்டும்.

(ஐந்து நொடி இடைவெளி)

பக்கத்தில் இருக்கும் பலகையை இப்போது படிக்க வேண்டாம். கண்ணை இடது ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே ஒரு வாயில். அதன் பக்கமிருந்து ஒரு யானை பாய்ந்து வருகிறது. மத்தகத்திலிருந்து துதிக்கை வழியாகக் கீழே இறங்குங்கள். துதிக்கையில் ஒரு மனிதன் சிக்கியிருக்கிறான். தப்பிக்க வழியே இல்லை.

(எட்டு நொடி இடைவெளி)

இந்த யானையின் பெயர் நாளாகிரி. ஊர் ராஜகிருகம், இன்றைய பீகாரில் இருக்கும் ராஜ்கிர். புத்தரைக் கொல்ல நினைத்த அவருடைய உறவினன் தேவதத்தன், இதற்குக் கள்ளைக் குடிக்கவைத்து அவர் வரும் தெருவில் அவிழ்த்துவிட்டான் என்பது கதை.

சரி, இப்போது வட்டத்தின் நடுப்பகுதிக்கு வாருங்கள். மெதுவாக. இங்கே பெண்கள் இருக்கிறார்கள். முகத்தைப் பார்க்காமல் உடம்பை மட்டும் பாருங்கள்: ஒருத்தி பின்னால் சாய்ந்து ஒடுங்குகிறாள், கைகள் பக்கத்தில் இருப்பவரைத் தேடுகின்றன. முகங்களில் பல தேய்ந்துவிட்டன. இருந்தாலும் பயம் தேயவில்லை. தோளிலும் இடுப்பிலும் அதைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

தலையை லேசாக உயர்த்துங்கள். மேலே கட்டடங்கள், ஜன்னல்கள். அவற்றிலிருந்து எட்டிப் பார்க்கும் தலைகள். எனக்கு இந்தச் சிற்பத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தேர் வரும்போது மாடியில் நின்று பார்ப்பவர்களைப் போல, தெருவில் நடக்கும் ஆபத்தை அவர்கள் பத்திரமான இடத்திலிருந்து பார்க்கிறார்கள். நாமும் அவர்களோடு சேர்ந்து பார்க்கிறோம்.

(ஆறு நொடி இடைவெளி)

இனி வலது பக்கம். அங்கே இன்னொரு யானை தெரிகிறதா? அது இன்னொரு யானை இல்லை. அதே நாளாகிரிதான், சற்று நேரம் கழித்து. முன்கால்களை மடித்து, தலையைத் தாழ்த்தி மண்டியிட்டிருக்கிறது. யாருக்கு முன்னால் என்று பாருங்கள். வலது ஓரத்தில் நேராக நிற்கிறாரே, அவர்தான் புத்தர். பின்னால் அவருடைய துறவிகள்.

அவர் கையில் அங்குசம் இல்லை, கயிறு இல்லை. அன்பை மட்டும் யானையின் மேல் செலுத்தினார் என்று கதை சொல்கிறது. அவருக்குப் பின்னால் இருப்பவர்களும் அசையாமல் நிற்கிறார்கள். இந்த மூலையில் யாரும் ஓடவில்லை. இடது ஓரத்தில் கல்லே சத்தம் போட்டது. இங்கே அந்தச் சத்தம் அடங்கிவிட்டது.

(பத்து நொடி இடைவெளி)

கண்ணை மறுபடி இடது ஓரத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வலது ஓரம் வரை ஒரே இழுப்பில் நகர்த்துங்கள். இடையில் கோடு போட்டுப் பிரிக்கவில்லை, கவனித்தீர்களா? சிற்பி இரண்டு நேரங்களை ஒரே தெருவில் வைத்துவிட்டார். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வேலை நம் கண்ணுக்கு.

சுமார் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இது சுவரில் மாட்டும் பொருளாக இருக்கவில்லை. ஆந்திரத்தில் கிருஷ்ணை ஆற்றங்கரையில் இருந்த அமராவதிப் பெரிய தூபியைச் சுற்றிக் கல்வேலி ஒன்று நின்றது. கதை சொல்லும் இப்படிப்பட்ட வட்டங்கள் பெரும்பாலும் அதன் உட்பக்கத்தில் இருந்தன. கும்பிட வந்தவர்கள் தூபியை வலம் வந்தார்கள். நம் கோயிலில் போலவே, வலது கைப்பக்கம் தூபி, இடது கைப்பக்கம் வேலி. அப்படி நடக்கும்போது வேலியில் உள்ள காட்சி இடமிருந்து வலமாகக் கடந்துபோகும். முதலில் வெறிபிடித்த யானை, பிறகு பெண்கள், கடைசியில் புத்தர்.

அதையும் செய்துபார்த்துவிடலாம். பின்னால் யாரும் இல்லையே? இடது பக்கம் இரண்டு எட்டு நகருங்கள். உடம்பை வலது பக்கம் திருப்பி, சிற்பம் உங்கள் இடது தோளுக்கு நேரே வரும்படி நில்லுங்கள். இனி நடையை நிறுத்தாமல், முகத்தை மட்டும் கல் பக்கம் திருப்பிக்கொண்டு, மெதுவாக நாலு எட்டு நடங்கள்.

(பன்னிரண்டு நொடி இடைவெளி)

நன்றி. இன்னும் பார்க்கவேண்டும் என்றால் பாருங்கள், அவசரம் இல்லை. முடிந்ததும் எண் 8 என்று எழுதிய பலகைக்கு வந்து, அந்த எண்ணை அழுத்துங்கள்.