ஆச்சி, ஸ்டேட்மெண்ட் பார்த்துவிட்டேன், அந்த 9,900-க்கு இன்றைக்கே பேங்குக்குப் போகணும்

ஆச்சி, ராத்திரி நீங்கள் அனுப்பிய நான்கு போட்டோவையும் பெரிதாக்கி வரி வரியாகப் பார்த்துவிட்டேன். நீங்கள் கேட்டது மூன்று: கணக்கில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது, சில்லறை சில்லறையாக ஏன் பிடிக்கிறார்கள், 27-ஆம் தேதி போன 9,900 என்னது. மூன்றாவதுதான் அவசரம் என்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது நீங்கள் எடுத்த பணம் இல்லை என்றால் இன்று வியாழக்கிழமை, 30-ஆம் தேதி, பேங்க் மூடுவதற்குள் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். அத்தான் பைக்கை எடுக்கட்டும், பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்கு எவ்வளவு நேரம் ஆகப்போகிறது. கிளம்புவதற்குள் மீதியையும் படித்துவிடுங்கள்.

குழப்பம் எல்லாம் மே மாதக் கடைசியில்தான், அதனால் அந்த வரிகளை மட்டும் இங்கே தருகிறேன்:

```
17-05-24  ATM WDL             2,000.00   35,506.30
24-05-24  ATM WDL             4,000.00   31,506.30
24-05-24  ATM CHRG + GST         24.78   31,481.52
25-05-24  PMSBY RENEWAL          20.00   31,461.52
27-05-24  AEPS CW 414815207361
                              9,900.00   21,561.52
```

வலது ஓரத்தில் இருப்பது அந்த வரி முடிந்தபின் உள்ள இருப்பு. நீங்கள் 31,000 என்று சொன்னது 25-ஆம் தேதி இருப்பு, கடைசி வரிதான் இன்றைய கணக்கு, அதாவது 21,561 ரூபாய் 52 காசு. ஆனால் அத்தனையும் செலவு செய்யலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடு மாற்றிய கொத்தனாருக்கு ஏப்ரலில் கொடுத்த 18,500 செக் அந்த மாதம் 22-ஆம் தேதியே பாஸாகிவிட்டது, போன வாரம் கொடுத்த 6,000 செக் இன்னும் வரவில்லை. அவர் எப்போது வேண்டுமானாலும் போடுவார். அதைக் கழித்தால் உங்கள் கையில் 15,561.52. இருப்பு இல்லாமல் செக் திரும்பினால் அதற்கும் தனியாகப் பிடிப்பார்கள், நல்ல மனிதர் முன்னால் நமக்கும் சங்கடம். வட்டி எங்கே என்று கேட்டிருந்தீர்கள். மார்ச் 31-இல் வரவு வைத்திருக்கிறார்கள், அடுத்தது ஜூன் முடிவில் வரும், அதில் தப்பு எதுவும் இல்லை.

பிடித்தம் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 278.48. ஏப்ரல் 15-இல் 17.70, அது எஸ்எம்எஸ் கட்டணம், 15 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும். ஏப்ரல் 30-இல் 236, அது ஏடிஎம் கார்டுக்கான வருடக் கட்டணம், 200-உம் வரி 36-உம். மே 24-இல் 24.78. இது மட்டும் நாம் தவிர்த்திருக்கலாம். மற்ற பேங்க் ஏடிஎம்மில் நம் ஊர்ப்பக்கம் மாதத்துக்கு ஐந்து முறை இலவசம், அதற்கு மேல் எடுத்ததற்கு அப்போது பிடித்தது 21 ரூபாயும் வரியும். நான்கு முறைதானே எடுத்தேன் என்பீர்கள், ஆனால் இரண்டு முறை இருப்பு மட்டும் பார்த்ததாக நீங்களே சொன்னீர்கள், அதுவும் கணக்கில் சேரும், ஆக 24-ஆம் தேதி எடுத்தது ஆறாவது. பணம் எடுக்க உங்கள் பேங்க் ஏடிஎம்முக்கே போங்கள், இருப்பு தெரிய மிஸ்டு கால் கொடுத்தால் போதும்.

25-ஆம் தேதி போன 20 ரூபாய் கட்டணமே இல்லை, பிரதம மந்திரி விபத்துக் காப்பீடு. வருடத்துக்கு 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம், 70 வயது வரை உண்டு. அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்த எஸ்எம்எஸ்ஸையும் நிறுத்தச் சொல்லாதீர்கள், இப்போது நமக்குத் துப்புக் கொடுத்ததே அதுதான்.

இனி அந்த 9,900. அதில் AEPS என்று இருப்பது ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் முறை. கையடக்க மெஷினில் ஆதார் எண்ணைப் போட்டு, எந்த பேங்க் என்று சொல்லி, விரலை வைத்தால் பணம் வந்துவிடும். கார்டும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம், ஓடிபியும் வராது. அதனால்தான் கார்டு பீரோவுக்குள்ளேயே இருக்கிறதே, எப்படிப் போகும் என்று நீங்கள் கேட்டதற்கு அதில் பதிலே கிடைக்காது. கார்டை பிளாக் செய்வதாலும் இது நிற்காது. CW என்றால் ரொக்கமாக எடுத்தது. ஒரு முறைக்கு 10,000 வரைதான் இதில் எடுக்க முடியும், அதற்குச் சற்றுக் கீழே எடுத்திருப்பதைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வருகிறது.

அந்த நீள எண்ணையும் பாருங்கள், 414815 என்று ஆரம்பிக்கிறது. இந்த எண்களில் முதல் இலக்கம் பெரும்பாலும் வருடத்தின் கடைசி இலக்கம், 4. அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, 148-ஆவது நாள் மே 27-ஏதான். அடுத்த 15 மணி, அதாவது பிற்பகல் மூன்றிலிருந்து நான்குக்குள். அந்த நேரத்தில் நீங்கள் என்னோடு கானாடுகாத்தானில் சாந்தி வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் சாட்சி.

ஒன்றே ஒன்று, வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது மெஷினோடு வந்து உங்கள் விரலை வைக்கச் சொன்னார்களா? ரேஷன் கடை, சிம் கார்டு, பங்கு வீட்டுப் பத்திரப் பதிவு என்று சமீபத்தில் எங்கெல்லாம் ரேகை வைத்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம், போலீஸ் கேட்டால் சொல்வதற்கு மட்டும்.

இன்றே ஏன் என்றால், ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதி. நம் தப்பும் பேங்க் தப்பும் இல்லாமல் வெளியாள் எடுத்த பணத்துக்கு, பேங்க் தகவல் வந்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்குப் பொறுப்பு பூஜ்யம். விளம்பரம் என்று நீங்கள் விட்ட அந்த மெசேஜ் 27-ஆம் தேதி வந்தது, 28, 29, 30 முடிந்தது. நாளை ஆனால் நம் தலையில் ஒரு பங்கு விழும், உங்கள் மாதிரிக் கணக்குக்கு 10,000 வரை, அதாவது முழுப் பணமுமே போய்விடலாம்.

முதலில் சைபர் குற்றப் புகாருக்கான 1930-க்கு போன் போட்டு புகார் எண் வாங்குங்கள். அப்புறம் பேங்கில் இதை எழுதிக் கொடுங்கள்:

"ஐயா, 4417 என்று முடியும் என் சேமிப்புக் கணக்கிலிருந்து 27-05-2024 அன்று AEPS CW 414815207361 என்ற பதிவில் ரூ. 9,900 எடுக்கப்பட்டுள்ளது. இதை நான் எடுக்கவில்லை, யாருக்கும் அனுமதியும் தரவில்லை. அந்த நேரத்தில் நான் கானாடுகாத்தானில் இருந்தேன். பணம் எடுத்த இடத்தையும் மெஷின் எண்ணையும் தெரிவித்து, தொகையை என் கணக்கில் வரவு வைக்கவும், ஆதார் வழிப் பணமெடுப்பை உடனே நிறுத்தவும் வேண்டுகிறேன்."

கையெழுத்து பாஸ்புக்கில் உள்ளது போலவே இருக்கட்டும். இன்னொரு பிரதியில் தேதியோடு சீல் வாங்காமல் வராதீர்கள், மேனேஜர் இல்லை, நாளைக்கு வாங்க என்றால் உட்கார்ந்தே வாங்குங்கள். சொன்ன நாளிலிருந்து 10 வேலை நாளுக்குள் அவர்கள் தொகையைத் தற்காலிகமாகவாவது வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

சாயங்காலம் நான் வருகிறேன், mAadhaar ஆப்பில் உங்கள் ரேகையைப் பூட்டிவிடலாம். ரேஷன் வாங்கும் அன்று கொஞ்ச நேரம் திறந்துகொள்ளலாம். பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று இடையில் யார் போன் செய்தாலும், எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், ஓடிபி சொல்லாதீர்கள். சீல் வாங்கியதும் அந்தத் தாளை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.