நிலவியல் துறை, பெங்களூரு: தமிழ்ப் பக்கங்கள்

[முகப்பு](/ta/) | [படிப்பு](/ta/programmes) | [சேர்க்கை](/ta/admission) | [ஆய்வகம்](/ta/lab) | [களம்](/ta/field) | [தொடர்பு](/ta/contact)

முகப்பு

லால்பாக்கில் கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறைமேல் ஏறி உட்கார்ந்திருப்பீர்கள். அந்தப் பாறைக்குச் சுமார் 300 கோடி வயது. தேசிய நிலவியல் நினைவுச்சின்னம் என்ற பலகையும் அங்கே இருக்கிறது. எங்கள் மாணவர்களுக்கு முதல் வகுப்பு அந்தப் பாறையில்தான், காலை வெயில் ஏறுவதற்கு முன்.

ஜியாலஜியைத்தான் இங்கே நிலவியல் என்கிறோம். பள்ளியில் சமூக அறிவியலோடு வந்த புவியியல் வேறு பாடம். இந்தக் குழப்பத்தில் விண்ணப்பிப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. [படிப்பு](/ta/programmes) பக்கத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மேலே பட்டியில் உள்ள பெயரே எல்லாப் பக்கத்திலும் வரும். மற்ற மொழிக்குப் போக முகவரியில் மொழிக்குறியை மட்டும் மாற்றினால் போதும்:

```
/ta/admission
/kn/admission
/en/admission
```

கட்டணமும் கடைசித் தேதியும் முதலில் ஆங்கிலப் பக்கத்தில்தான் மாறும். தமிழில் பழையது கிடந்தால் ஆங்கிலத்தில் இருப்பதே செல்லும்.

படிப்பு

எம்.எஸ்சி. நிலவியல்: இரண்டு ஆண்டு, நான்கு செமஸ்டர். பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில். பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவர்களுக்கு முதல் செமஸ்டர் திணறலாகத்தான் இருக்கும். கனிமங்களின் பெயர்கள் வாயில் புரளும் வரை அப்படித்தான்; அதற்காக யாரும் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை.

வேலைக்கு: இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் யூ.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வு வழியாகப் போகலாம். சுரங்க நிறுவனங்கள் உண்டு. போர்வெல் போட இடம் பார்த்துச் சொல்லும் தொழிலும் உண்டு. இந்த ஊரில் அதற்குக் கிராக்கி குறையவே குறையாது.

சேர்க்கை

பி.எஸ்சி.யில் நிலவியலை ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து வருபவர்கள் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றோடு மைக்ரேஷன் சர்டிஃபிகேட்டும் கொண்டுவர வேண்டும். பலர் கோட்டைவிடுவது இதில்தான். முடிவு வந்த அன்றே உங்கள் பல்கலைக்கழகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தருவோம். ஐயம் இருந்தால் [தொடர்பு](/ta/contact).

ஆய்வகம்

பாறையை அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் ஆகும் வரை தேய்ப்பார்கள். அந்தக் கனத்தில் கருங்கல்லுக்குள்ளும் வெளிச்சம் ஊடுருவும். நுண்ணோக்கியில் இரண்டு முனைவாக்கித் தகடுகளுக்கு நடுவே வைத்துச் சுழற்றினால், குவார்ட்ஸ் சாம்பல் வெள்ளையாகத் தெரிவதும் இருண்டுபோவதுமாக மாறி மாறி வரும். பிளாஜியோகிளேஸ் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டிருக்கும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் ஒன்றும் மிஞ்சாது. மறுபடி அறுக்க வேண்டியதுதான். இதற்குக் கை பழக ஒரு செமஸ்டர் ஆகும்.

களம்

முதல் ஆண்டில் ராமநகரா, இரண்டாம் ஆண்டில் கோலார். ராமநகராவின் குன்றுகள் குளோஸ்பெட் கிரானைட்; அந்த ஊரின் பழைய பெயரே பாறைக்கும் நிலைத்துவிட்டது. வயது சுமார் 250 கோடி ஆண்டு.

கோலார் தங்கவயலைப் பற்றித் தமிழ்ப் பக்கத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அங்கிருந்தே, மாரிகுப்பம் ரயிலில் தினமும் வந்து போகிற மாணவர்கள் இருக்கிறார்கள். தாத்தா சுரங்கத்தில் இறங்கியவராக இருப்பார். தெற்கு வடக்காகச் சுமார் 80 கி.மீ. ஓடும் குறுகிய பாறைப்பட்டை அது. அதில் குவார்ட்ஸ் நரம்புகளோடு தங்கம் கிடந்தது. நரம்பைத் துரத்திக்கொண்டு சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் கீழே போனது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. இப்போது உள்ளே இறங்க முடியாது. வெளியே தெரியும் பாறைகளையும், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேடுகளையும் பார்க்கிறோம். மேட்டின்மேல் ஏறக் கூடாது. காற்றடித்தால் தூசி கண்ணை மறைக்கும்.

பெண் பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பலாமா என்று பெற்றோர் கேட்கிறீர்கள். அனுப்பலாம். ஆசிரியைகளும் கூட வருவார்கள். இரவில் எங்கே தங்குகிறோம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தந்துவிடுவோம். களப்பணிக்குத் தனி மதிப்பெண் உண்டு, அதனால் வராமல் இருக்க முடியாது. சுத்தியலும் திசைகாட்டியும் துறை தரும். கெட்டியான ஷூவும் தொப்பியும் உங்கள் பொறுப்பு. செருப்போடு வந்தவர்களை வண்டியில் ஏற்ற மாட்டோம்.

தொடர்பு

அலுவலகம் தரைத்தளத்தில், கல் மாதிரிகள் வைத்த கண்ணாடி அலமாரிக்கு எதிரே. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 10 முதல் மாலை 4 வரை. 1 முதல் 2 வரை உணவு இடைவேளை. தமிழில் பேசலாம். விண்ணப்பத்தை மட்டும் ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ நிரப்பித் தர வேண்டும். நிரப்பத் தெரியாவிட்டால் [சேர்க்கை](/ta/admission) பக்கத்தில் சொன்ன சான்றிதழ்களோடு மதியத்துக்கு மேல் வாருங்கள், ஆய்வு மாணவர் யாராவது உட்கார்ந்து எழுதிக் கொடுப்பார்.