கவிதா, உன் மெயிலைத் திருத்திவிட்டேன்

கவிதா,

சரவணன் சாருக்கு எழுதிய மெயிலைப் படித்தேன். தவறை நீயே முன்வந்து சொல்ல நினைத்தது சரி. ஆனால் என்ன நடந்தது என்பது நான்காவது வரியில்தான் தெரிகிறது. அதற்குள் இரண்டு முறை மன்னிப்பு வந்துவிடுகிறது. நீ அனுப்பியதைக் கீழே அப்படியே வைத்திருக்கிறேன். அடுத்து எதை ஏன் மாற்றினேன் என்று சொல்லியிருக்கிறேன், கடைசியில் அனுப்ப வேண்டிய வடிவம் இருக்கிறது.

நீ எழுதியது:

பொருள்: அவசரம்!! மன்னிக்கவும் சார்

மதிப்பிற்குரிய சரவணன் சார் அவர்களுக்கு,

வணக்கம். முதலில் என்னை மன்னிக்கவும். எப்படி சொல்வதென்றே தெரியவில்லை சார். தங்களிடம் இதை சொல்லவே பயமாக இருக்கிறது. நேற்று (மே 6) காலை 10.15 மணிக்கு புதிய விலை பட்டியல் அனுப்பும் போது வேலைப்பளு அதிகம் இருந்த காரணத்தினால் பழையப் பட்டியலை 12 டீலர்களுக்கு அனுப்பப்பட்டுவிட்டது. இரண்டு ஃபைலும் ஒரே ஃபோல்டரில் இருந்தது, பெயரும் ஒரே மாதிரி இருந்ததால் எனது கவன குறைவால் இந்த தவறு நேர்ந்துவிட்டது. இதில் மூன்று டீலர்கள் பழைய விலைக்கே 1 எச்பி மோனோபிளாக் ஆர்டர் கொடுத்துள்ளார் (10, 6, 4). ஒரு பம்புக்கு ரூ.270 வீதம் மொத்த வித்தியாசம் ரூ.5,600 வருகின்றன (வரி நீங்கலாக). மாலை 4.40க்கு ஒவ்வொரு டீலர்களுக்கும் சரியான பட்டியல் அனுப்பிவிட்டேன். டெஸ்பாட்சில் அந்த மூன்று ஆர்டரையும் நிறுத்தி வைக்க சொல்லி உள்ளேன். என் வாழ்நாளில் இப்படி ஒரு தவறு செய்ததில்லை சார். தயவு செய்து இந்த ஒரு முறை மன்னித்து விடுங்கள். இனிமேல் இது போன்ற தவறுகள் கண்டிப்பாக நடக்காது, என்னால் முடிந்த முயற்ச்சி செய்வேன். பழைய ஃபைல்களை வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிட்டேன். உங்கள் பதிலை எதிர்ப்பார்க்கிறேன். மீண்டும் ஒருமுறை மன்னிப்பு கேட்டு கொள்கிறேன்.

இப்படிக்கு,
கவிதா

முதலில் கணக்கு. 10, 6, 4 சேர்ந்தால் 20 பம்பு. 20 × 270 = 5,400. நீ 5,600 என்று போட்டிருக்கிறாய். எழுத்துப்பிழையைச் சார் கவனிக்காமல் போகலாம், இதைக் கட்டாயம் கவனிப்பார். தவறை ஒப்புக்கொள்ளும் மெயிலிலேயே இன்னொரு தவறு இருந்தால் அதில் உள்ள மற்ற எண்களையும் அவர் நம்ப மாட்டார். மூன்று ஆர்டர் ஷீட்டையும் கையில் எடுத்து, எண்ணிக்கையை நீயே ஒருமுறை சரிபார்த்துவிடு.

அடுத்து, மெயிலில் மிக முக்கியமான வாக்கியம்: "பழையப் பட்டியலை 12 டீலர்களுக்கு அனுப்பப்பட்டுவிட்டது." இதில் இரண்டு கோளாறு. 'பட்டியலை' என்று ஐ உருபு வந்தால் அதை அனுப்பியவர் யார் என்று வாக்கியம் கேட்கும். 'அனுப்பப்பட்டது' என்று முடித்தால் 'பட்டியல் அனுப்பப்பட்டது' என்றுதான் வர வேண்டும். இலக்கணப்படி அப்படித் திருத்திவிடலாம்தான், ஆனால் இந்த மெயிலுக்கு அது பொருந்தாது. 'அனுப்பப்பட்டுவிட்டது', 'நேர்ந்துவிட்டது' என்று எழுதினால் செய்தவர் ஆள் இல்லாமல் மறைந்துவிடுகிறார். மழை பெய்தது போலத் தவறும் தானாக நடந்ததாகப் படுகிறது. ஆகவே 'அனுப்பிவிட்டேன்' என்று மாற்றியிருக்கிறேன். நீ பொறுப்பேற்கிறாய் என்பதை இந்த ஒரு வினைமுற்றே சொல்லிவிடும், 'எனது கவனக்குறைவால்' என்று தனியாக எழுத வேண்டியதில்லை. (அதை வேறு எங்காவது எழுத நேர்ந்தால் சேர்த்து எழுது: கவனம் + குறைவு = கவனக்குறைவு.)

'வேலைப்பளு அதிகம் இருந்த காரணத்தினால்' என்பதை எடுத்துவிட்டேன். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தவறுக்கு முன்னால் வந்தால் சாக்காகத்தான் கேட்கும், வேலையைப் பிரித்துக் கொடுத்த சாரையே குறை சொல்வதாகவும் படும். ஒரே மாதிரிப் பெயர் விஷயம் அப்படியில்லை, அது உண்மையான காரணம். ஒரே ஃபோல்டரில் `PriceList_Final.pdf`, `PriceList_Final_new.pdf` என்று இரண்டு இருந்தால் யாருக்கும் கை மாறும். அதனால் அதை நீக்காமல், இனி என்ன செய்யப்போகிறாய் என்று சொல்லும் இடத்துக்கு நகர்த்தியிருக்கிறேன். அங்கே அது தீர்வோடு சேர்ந்து நிற்கும். தவறு எது என்பதை 'ஃபைலைத் திறந்து பார்க்காமல் இணைத்தது' என்று நேராகச் சொல்லியிருக்கிறேன். நீ போனில் என்னிடம் சொன்னதும் அதுதான்.

மன்னிப்பு உன் மெயிலில் நான்கு இடத்தில் இருக்கிறது. ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன், தவறைச் சொன்ன அடுத்த மூச்சிலேயே அது வருகிறது. 'மன்னிக்கவும்' என்பது ராங் நம்பருக்கு டயல் செய்துவிட்டாலும் சொல்கிற சொல். 'வருந்துகிறேன்' என்றால் ரயில் தாமத அறிவிப்பின் சாயல் வந்துவிடும். 'மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்' என்பதுதான் இங்கே சரியான எடை. 'இந்த ஒரு முறை மன்னித்து விடுங்கள்' என்று எழுதினால், ஆர்டரை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியவர் முதலில் உன்னைத் தேற்ற வேண்டிவரும். 'பயமாக இருக்கிறது', 'வாழ்நாளில் செய்ததில்லை' இரண்டையும் நீக்கியதற்கும் அதுவே காரணம். உன் வருத்தம் பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். 10.15க்குச் செய்ததை அன்று 4.40க்குள் நீயே சரிசெய்ததைப் பார்த்தாலே சாருக்கும் அது புரியும்.

ஒற்று விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறியிருக்கிறாய். வர வேண்டிய இடங்களில் விட்டிருக்கிறாய்: விலைப்பட்டியல், மணிக்குப் புதிய, இந்தத் தவறு, இதைச் சொல்ல, எப்படிச் சொல்வது, வைக்கச் சொல்லி, மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கு, ஐ உருபுகளுக்குப் பின்னும், இந்த, அந்த, எப்படி போன்ற சொற்களுக்குப் பின்னும் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும் என்று நினைவில் வைத்தால் பாதிப் பிழை போய்விடும். வரக் கூடாத இடத்தில் போட்டது ஒன்றுதான்: 'பழையப் பட்டியல்'. பெயரெச்சத்துக்குப் பின் மிகாது. பழைய பட்டியல், புதிய பட்டியல், அனுப்பிய பட்டியல் எல்லாம் ஒற்று இல்லாமல்தான். ஒற்றைக் கவனமாகப் போடுகிறவர்கள்கூட இந்த இடத்தில் சறுக்குவார்கள்.

ஒருமை பன்மையில் நான்கு. 'மூன்று டீலர்கள் கொடுத்துள்ளார்' என்றால் ஒருவர் கொடுத்ததாகிறது, 'கொடுத்திருக்கிறார்கள்' என்று வர வேண்டும். 'வித்தியாசம் வருகின்றன' தவறு, வித்தியாசம் ஒன்றுதானே, 'வருகிறது'. 'இரண்டு ஃபைலும் இருந்தது' என்பது 'இருந்தன' ஆகும். 'ஒவ்வொரு' என்றாலே ஒருமை, எனவே 'ஒவ்வொரு டீலருக்கும்'. நான் அதைவிடச் சுருக்கமாக '12 பேருக்கும்' என்று போட்டுவிட்டேன், எவரும் விடுபடவில்லை என்பதும் அதில் தெரிந்துவிடும்.

எழுத்துப்பிழை இரண்டு: முயற்ச்சி இல்லை, முயற்சி. ற் வந்தால் அடுத்து ச் சேராது. எதிர்ப்பார்க்கிறேன் இல்லை, எதிர்பார்க்கிறேன். இரண்டு வாக்கியமும் இப்போது மெயிலில் இல்லை, அடுத்த முறைக்காகச் சொல்கிறேன். 'கண்டிப்பாக நடக்காது' என்று சொல்லி, அதே வாக்கியத்தில் 'முடிந்த முயற்சி செய்வேன்' என்றும் எழுதியிருந்தாய். ஒன்று உறுதி, மற்றது சந்தேகம். இரண்டுக்கும் பதிலாக நீ ஏற்கெனவே செய்துவிட்ட வேலையையே எழுதியிருக்கிறேன்.

'தங்களிடம்' என்று தொடங்கி 'உங்கள் பதிலை' என்று முடித்திருந்தாய். நேரில் 'சார், நீங்க' என்றுதான் பேசுகிறோம், எனவே 'உங்கள்' போதும். 'மதிப்பிற்குரிய... அவர்களுக்கு' என்பது மனு எழுதுவது போல இருக்கிறது, தினமும் பேசுகிறவருக்கு வேண்டாம். 'சார்' மட்டும் அப்படியே இருக்கட்டும், அது உன் குரல்.

இரண்டை நானாகச் சேர்த்திருக்கிறேன், பார்த்துக்கொள். ஒன்று, பட்டியலின் பெயரில் தேதி இருக்கும் என்ற கடைசி வரி. மற்றது, சாரிடம் கேட்கும் கேள்வி. சார் என்ன முடிவு எடுக்க வேண்டும் என்று நீ எங்கும் கேட்கவில்லை. 'பதிலை எதிர்பார்க்கிறேன்' என்றால் எதற்குப் பதில் என்று அவர் திரும்பக் கேட்பார். இரண்டு வழியையும் எழுதிவிட்டால் ஒரு வரியில் பதில் போட்டுவிடுவார்.

அனுப்ப வேண்டியது:

பொருள்: பழைய விலைப்பட்டியலை அனுப்பிவிட்டேன் – 3 ஆர்டர்களுக்கு உங்கள் முடிவு தேவை

சரவணன் சார், வணக்கம்.

நேற்று (மே 6) காலை 10.15 மணிக்குப் புதிய விலைப்பட்டியலுக்குப் பதிலாகப் பழைய பட்டியலை 12 டீலர்களுக்கு அனுப்பிவிட்டேன். ஃபைலைத் திறந்து பார்க்காமல் இணைத்தது என் தவறு. மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அவர்களில் மூன்று டீலர்கள் பழைய விலைக்கு 1 எச்பி மோனோபிளாக் 20 பம்புகள் (10, 6, 4) ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பம்புக்கு ரூ.270 வீதம் மொத்த வித்தியாசம் ரூ.5,400 (வரி நீங்கலாக).

நேற்று மாலை 4.40 மணிக்கு 12 பேருக்கும் சரியான பட்டியலை அனுப்பிவிட்டேன். மூன்று ஆர்டர்களையும் நிறுத்தி வைக்கச் சொல்லி டெஸ்பாட்சில் தெரிவித்திருக்கிறேன்.

இந்த மூன்று பேருக்கும் பழைய விலைக்கே கொடுத்துவிடலாமா, அல்லது நான் பேசிப் புதிய விலைக்கு மாற்றட்டுமா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

இரண்டு பட்டியலுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர் இருந்தது. பழைய ஃபைல்களை வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிட்டேன். இனி ஒவ்வொரு பட்டியலின் பெயரிலும் விலை அமலாகும் தேதி இருக்கும்.

கவிதா

கடைசி வரியில் சொன்னபடி புதிய ஃபைலின் பெயரை மாற்றிவிட்டு அப்புறம் மெயிலை அனுப்பு. சரியான பட்டியலையும் மூன்று ஆர்டர் ஷீட்டையும் இணைத்துவிடு, இணைத்த பிறகு நான்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார். சார் பெயர் மட்டும் போதும், வேறு யாருக்கும் காப்பி போட வேண்டாம். டெஸ்பாட்சில் 11 மணிக்கு லோடு ஏற்றத் தொடங்குவார்கள், 9.30க்குள் அனுப்பிவிட்டால் அதற்குள் அவர் முடிவு சொல்ல நேரம் இருக்கும்.

செல்வி அக்கா