மட்டக்குளி வட்டாரக் குழுவின் செயலாளர் பதவியை இராஜினாமாச் செய்தல்

ச. புவனேஸ்வரி,
ஹெந்தளை,
வத்தளை.
2026 மார்ச் 9

தலைவர் அவர்கள்,
வட்டாரக் குழு,
மட்டக்குளி,
கொழும்பு 15.

ஐயா,

பொருள்: தெரிவுசெய்யப்பட்ட செயலாளர் பதவியிலிருந்தும் குழு அங்கத்துவத்திலிருந்தும் விலகுதல்

2024 ஜூலையில் நடந்த பொதுக்கூட்டத்தில் மூன்று ஆண்டு காலத்துக்குச் செயலாளராகத் தெரிவுசெய்யப்பட்ட நான், 2026 மார்ச் 31ஆம் திகதி முதல் அப்பதவியிலிருந்தும் குழு அங்கத்துவத்திலிருந்தும் விலகுகிறேன் என்பதைத் தங்களுக்கு இத்தால் அறியத்தருகிறேன். இக்கடிதத்தை எனது இராஜினாமாவாக ஏற்று, கிடைத்த திகதியைக் குறித்து எழுத்தில் உறுதிப்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

காரணம் தாங்கள் அறிந்ததே. கடந்த பெப்ரவரி நடுப்பகுதியில் பாம் வீதியில் இருந்த வாடகை வீட்டை விட்டு, ஹெந்தளையில் மகள் குடும்பத்துடன் குடியேறிவிட்டேன். நமது யாப்பின்படி குழு உறுப்பினர் வட்டாரத்துக்குள் குடியிருப்பவராக இருக்க வேண்டும். நான் இப்போது இருப்பது வேறு வட்டாரம்கூட அல்ல, களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம், கம்பஹா மாவட்டம்.

நேற்று, மார்ச் 8ஆம் திகதி நடந்த மாதாந்தக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது உறுப்பினர்கள் பலர் என்னைப் போகவேண்டாம் என்றார்கள். மட்டக்குளிப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும் தூரம்தானே, வாக்காளர் இடாப்பில் இன்னும் பழைய முகவரிதானே இருக்கிறது, பதவிக்காலம் முடியும்வரை அப்படியே ஓடட்டும் என்பது அவர்கள் சொன்னதன் சாரம். அன்பினால் சொன்னார்கள், நன்றி. ஆனால் அதை ஏற்க முடியாததற்கான காரணத்தை எழுத்தில் வைப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் ஏதோ பிணக்கில் போய்விட்டேன் என்று கதை வரும். எவருடனும் எனக்குப் பிணக்கு இல்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தை இந்த வட்டாரத்தில் எவரும் மறக்கவில்லை. களனி ஆற்றின் நாகலகம் வீதி நீர்மட்டம் ஏழு அடியைத் தொட்டால் அது பெருவெள்ளம் என்று கணக்கு. அந்த முறை அதையும் தாண்டியது. தண்ணீர் வடிந்த பிறகு நிவாரணப் பட்டியல் வேலை தொடங்கியது. வீட்டைத் துப்புரவு செய்ய அரசு அறிவித்த 25,000 ரூபாய்க் கொடுப்பனவுக்கு, எந்த வீட்டில் எத்தனை குடும்பம், எந்த வீட்டுக்குள் தண்ணீர் போனது என்று கிராம உத்தியோகத்தருக்கு விபரம் தேவைப்பட்டது. முடுக்கு முடுக்காகப் போய் அதைத் திரட்டிக் கொடுத்ததில் நமது குழுவுக்கும் பங்கு உண்டு.

அப்போது நமக்கு வந்த பெரிய சிக்கல் வாடகைக் குடியிருப்பாளர்கள். மலையகத்திலிருந்து வேலைக்கு வந்து ஆற்றோரத் தோட்டங்களில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் குடும்பங்களின் பெயர்கள் ஊர்ப்பக்கத்து இடாப்பில் இருந்தன. இங்கே இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்கள் அவர்கள். ஆனால் இங்கே பெயர் இல்லை என்பதால் பட்டியலில் சேர்க்க முதலில் தயக்கம் காட்டப்பட்டது. ஒரே வீட்டு இலக்கத்தில் மூன்று குடும்பம் இருந்த இடங்களில் வீட்டுக்காரரின் பெயர் மட்டும் ஏறியது. மின்சாரப் பட்டியல் வீட்டுக்காரர் பெயரில், குத்தகை ஒப்பந்தம் கிடையாது, வாடகைக்குப் பற்றுச்சீட்டும் கிடையாது. அப்புறம் எதைக் காட்டி நிரூபிப்பது? பக்கத்து வீட்டாரின் சாட்சிக் கடிதம், பிள்ளையின் பாடசாலை அனுமதிப் பதிவு, கிளினிக் அட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். பெரும்பாலானோர் சேர்க்கப்பட்டார்கள். சிலரின் மேன்முறையீடு இன்னும் முடியவில்லை.

அந்தக் குடும்பங்களுக்காக நாம் எழுதிய கடிதங்கள் ஒவ்வொன்றிலும், குடியிருப்பைப் பார்த்து முடிவெடுங்கள், இடாப்பை மட்டும் பார்க்காதீர்கள் என்று கேட்டிருக்கிறோம். அவற்றில் கையொப்பம் இட்டவள் நான். இப்போது இடாப்பில் பெயர் இருக்கிறது என்ற ஒரே பலத்தில் நான் பதவியில் தொடர்ந்தால், நிலுவையில் இருக்கும் மேன்முறையீடுகளுக்கே அது கெடுதல். உங்கள் செயலாளரே இங்கே இல்லையே என்று ஒருவர் கேட்டால் குழு என்ன பதில் சொல்லும்? எனது இடாப்புப் பதிவையும் வத்தளைக்கு மாற்றக் கேட்கவிருக்கிறேன். ஆகவே அந்த ஆதாரமும் நீண்ட நாள் நிற்காது.

தூரம் குறைவு என்ற வாதத்துக்கும் ஒரு வார்த்தை. சாதாரண நாளில் அது உண்மைதான். ஆனால் இந்தப் பதவிக்கு ஆள் தேவைப்படுவது சாதாரண நாளில் அல்ல. ஆறு பெருகும்போது வத்தளைப் பக்கத்திலும் அதே வெள்ளம். என் மகளின் பிள்ளைகளை மாடிக்கு ஏற்றுவேனா, பாலம் தாண்டி வந்து இங்கே யார் வீட்டுக் கிழவியைத் தூக்கவேண்டும் என்று பார்ப்பேனா? அந்த இரவுகளில் இங்கே படுத்திருப்பவர்தான் செயலாளராக இருக்கவேண்டும்.

வெற்றிடத்தை நிரப்புவது பற்றி. உதவிச் செயலாளரை அப்படியே செயலாளராக நியமித்துவிடலாம் என்ற யோசனையும் நேற்று வந்தது. தற்காலிகமாக அவர் வேலையைப் பார்ப்பதில் ஆட்சேபனை இல்லை, அவர் கெட்டிக்காரர். ஆனால் பொதுக்கூட்டம் தந்த பதவியைப் பொதுக்கூட்டம்தான் மறுபடி கொடுக்கவேண்டும். 2023 மார்ச்சில் மாநகர சபையின் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து 2025 ஜூனில் புதிய சபை கூடும்வரை, வட்டாரத்துக்கென்று தெரிவான உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. கான் அடைத்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் ஆட்கள் நம் கதவைத்தான் தட்டினார்கள். சம்பளமும் அதிகாரமும் இல்லாத ஒரு குழுவை அவர்கள் நம்பியது, தாங்களே கையை உயர்த்தித் தெரிவுசெய்தவர்கள் என்பதால். அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

கூட்டத் திகதிக்கு எனது யோசனை ஏப்ரல் 19 ஞாயிறு மாலை. மார்ச் 29 குருத்தோலை ஞாயிறு, ஏப்ரல் 5 உயிர்த்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு புத்தாண்டுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பெட்டி கட்டும் நாள். அவசரப்பட்டு அந்த நாட்களில் வைத்தால் மண்டபத்தில் நாம் மட்டும்தான் உட்கார்ந்திருப்போம். அறிவித்தல் இரண்டு மொழியிலும் ஒட்டப்பட வேண்டும், வாடகைக்கு இருப்பவர்களும் வரலாம் என்று தெளிவாக எழுத வேண்டும். யாரைத் தெரிவுசெய்வது என்பதில் நான் பெயர் எதுவும் சொல்லமாட்டேன்.

கையளிப்பு பற்றி: தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்ட கூட்டறிக்கைப் புத்தகங்கள் இரண்டும், கடிதக் கோப்புகளும், இறப்பர் முத்திரையும், சனசமூக நிலைய அலுமாரியின் சாவிகள் இரண்டும் என்னிடம் உள்ளன. வெள்ளத்துக்குப் பிறகு நமக்கு அன்பளிப்பாகக் கிடைத்த நீர்ப்பம்பி பாம் வீதி வீட்டுக்காரரின் பின்கொட்டிலில் இருக்கிறது. அடுத்த மழைக்கு முன் அதை நிலையத்துக்கு எடுத்துச் செல்லவேண்டும். அந்த வீட்டுக்கு வேறு ஆட்கள் வரப்போகிறார்கள். மேன்முறையீட்டுக் கோப்பில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கடைசியாக நடந்தது என்ன, அடுத்து யாரிடம் கேட்கவேண்டும் என்று முதற்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பொறுப்பெடுப்பவர் என்னிடம் ஒரு மாலையாவது உட்கார்ந்து கேட்டுக்கொண்டால் நல்லது. எழுத்தில் வராத விடயங்கள் சில உண்டு.

வங்கிக் கணக்கில் பொருளாளரும் நானும் கூட்டாகக் கையொப்பமிடுகிறோம். பெப்ரவரி மாத முடிவில் மீதி 84,350 ரூபாய். கையில் இருக்கும் சில்லறைக் காசு 2,180 ரூபாயை வவுச்சர்களுடன் ஒப்படைப்பேன். மார்ச் 31க்குப் பிறகு நான் எந்தக் காசோலையிலும் கையொப்பமிடமாட்டேன். கையொப்பத்தை மாற்ற வங்கி குழுத் தீர்மானத்தின் பிரதியைக் கேட்கும் என்பதால், தயவுசெய்து அந்தத் தீர்மானத்தை இம்மாதமே விசேட கூட்டத்தில் எடுத்துவிடுங்கள். புதிய செயலாளர் வரும்வரை பொருளாளருடன் தாங்களே கையொப்பமிடலாம். கணக்குகளைப் பொதுக்கூட்டத்துக்கு முன் வெளியார் ஒருவரைக் கொண்டு பரிசோதிக்கவும் வேண்டுகிறேன். சந்தேகம் எதுவும் இல்லை, ஆனால் ஆள் மாறும்போது பார்த்துவிடுவது எல்லோருக்கும் நிம்மதி.

வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகத்தையும் ஒப்படைக்கிறேன். அதில் காலை வணக்கப் படங்களைக் குறைக்கச் சொல்லி நான் தோற்ற கதை தாங்கள் அறிந்ததுதான். வெள்ளக் காலத்தில் அவற்றுக்கு நடுவே உதவி கேட்ட செய்திகள் புதைந்துபோயின. அவசர அறிவித்தலுக்குத் தனிக் குழு ஒன்று அமைப்பதை வருபவரின் முதல் வேலையாகக் கொள்ளலாம்.

இக்கடிதத்தை அடுத்த கூட்டத்திலும் பொதுக்கூட்டத்திலும் வாசித்துக் கூட்டறிக்கையில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கையளிப்புக்கு மார்ச் 28 சனிக்கிழமை பிற்பகல் நிலையத்துக்கு வருவேன். தாங்களும் பொருளாளரும் உதவிச் செயலாளரும் இருந்தால் அன்றே பட்டியலில் கையொப்பமிட்டு முடித்துவிடலாம். நாள் வசதிப்படாவிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

என்மீது நம்பிக்கை வைத்துத் தெரிவுசெய்த மக்களுக்கும், கூட்டங்களில் என் நீண்ட பேச்சைப் பொறுத்துக்கொண்ட தங்களுக்கும் உறுப்பினர்களுக்கும் எனது நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

ச. புவனேஸ்வரி
செயலாளர்

பிரதிகள்:
பொருளாளர், வட்டாரக் குழு – வங்கிக் கையொப்ப மாற்றத்துக்காக
கிராம உத்தியோகத்தர், மட்டக்குளி – தகவலுக்காக